ஜாமீனில் வந்துவிட்டார் என்றால் வழக்கு முடிந்ததா?

விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம் முதலில் கேட்பது இதைத்தான்: "உயிரே போயிருக்கு, மறுநாளே டிரைவர் வெளியே வந்துட்டாரே, எப்படி?"

ஓர் உதாரணம். இரவு ஏழு மணி. சாலையோரம் நடந்துபோன பெரியவர் மீது வேன் மோதி, அவர் இறந்துவிடுகிறார். போலீஸ் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகளில் வழக்குப் பதிகிறது. முதலாவது, பொதுச்சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டியது. இரண்டாவது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. இதற்கு ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டாண்டுதான்.

இரண்டுமே ஜாமீன் தரக்கூடிய குற்றங்கள். ஆகவே ஜாமீன் இங்கே சலுகை இல்லை, உரிமை. பிணை கொடுத்தால் காவல் நிலையத்திலேயே விடலாம். கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணைதாரர் கிடைக்காதவரை வசதியற்றவர் என்று கருதி, சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே விடச் சொல்கிறது சட்டம். ஆனால், உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் 105-வது பிரிவு வரலாம். குடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் ஓட்டிய வழக்குகளில் இந்தக் கேள்வி எழும். அது ஜாமீனில் விடமுடியாத பிரிவு. அங்கே ஜாமீன் நீதிமன்றத்தின் முடிவு.

வெளியே வந்தாலும் வழக்கு நடக்கும். குற்றப்பத்திரிகை நீதித்துறை நடுவர் முன் தாக்கலாகும். குற்றச்சாட்டு பதிவான பிறகு நேரில் பார்த்தவர்கள், டாக்டர், மோட்டார் வாகன ஆய்வாளர், விசாரணை அதிகாரி எனச் சாட்சிகள் வருவார்கள்.

பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான். எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதியிருக்கும். ஆனால் வேகம் என்ற சொல் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. நம் உதாரணத்தில் வேன் சாலையை விட்டு எவ்வளவு தூரம் இறங்கியது, டயர் தடம் எங்கே, பிரேக் சரியாக இருந்ததா, ஓட்டியது இவர்தானா என்பதை மகஜர், வரைபடம், ஆய்வாளர் அறிக்கை, சாட்சியம் எல்லாம் சேர்ந்து காட்டவேண்டும். அதனால் நேரில் பார்த்தவர் யார், அருகில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதை உடனே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். பதிவுகள் சில நாளிலேயே அழிந்துவிடும்.

இழப்பீடு தனி வழி. அதை மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் கேட்கவேண்டும். டிரைவர் விடுதலையானாலும் அந்த மனு தானாக விழாது. அங்கே நிரூபிக்கவேண்டிய அளவு குறைவு. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.

வழக்கின் அடுத்த தேதி அறிய, 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை `eCourts Services` செயலியில் போட்டால் போதும்.