ஓரம் வெட்டுப்பட்ட கேள்வி எண்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தளத்துத் தம்பி ஒருவர், ஆறாம் வகுப்புப் பையனோடு வந்தார். "டீச்சர், வாட்ஸ்அப் குரூப்ல வந்த வொர்க்‌ஷீட். 11, 12 ரெண்டும் போடச் சொல்லியிருக்காங்க. நம்பர் சரியாத் தெரியலை, எண்ணிப் பார்த்துப் போட்டுட்டோம். சரியான்னு பாருங்க" என்றார். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் பையன் போட்டிருந்தது 10, 11. தூக்கக் கலக்கத்தில் இன்னொரு கணக்கு போட வேண்டுமென்றதும் அவன் முகம் வாடிவிட்டது.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். அது இரண்டாம் பக்கத்தின் போட்டோ. தாள் சாய்ந்திருந்தது. மேலே 8 முழுசாகத் தெரிந்தது. கீழே போகப் போக இடது ஓரம் அதிகமாக வெட்டுப்பட்டு, கடைசி மூன்று கேள்விகளுக்கு எண்ணே இல்லை. நடுவில் போன் பிடித்த கையின் நிழல். அப்பா 8-இலிருந்து எண்ணினார். 9-ஆம் கேள்வியில் (ஏ), (பி) என்று இரண்டு உட்பிரிவுகள். அவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக எண்ணிவிட்டார். அதனால் நிஜமான 10 அவருக்கு 11 ஆனது, 11 அவருக்கு 12 ஆனது.

இதைத் தவிர்க்க, முதலில் படத்தை நிமிர்த்துங்கள். போனின் எடிட்டில் போய், அச்சு வரி கிடையாக வரும்வரை திருப்புங்கள். நிமிர்ந்ததும் கேள்வி எண்கள் ஒரே நேர்கோட்டில் மேலிருந்து கீழே நிற்கும். உட்பிரிவுகள் அதற்குச் சற்று உள்ளே தள்ளி இன்னொரு கோட்டில் நிற்கும். எண் அழிந்திருந்தாலும், வரி தொடங்கும் இடத்தை வைத்தே எது கேள்வி, எது உட்பிரிவு என்று பிரித்துவிடலாம்.

அடுத்து நிழல். பலரும் Brightness-ஐக் கூட்டுவார்கள். அதில் வெளிச்சமான பகுதி வெளுத்து, மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். Shadows என்பதை மட்டும் கூட்டினால் இருண்ட பகுதி பெரும்பாலும் தெளியும். எங்கள் படத்தில் அப்படிச் செய்ததும் "0." என்றும் "1." என்றும் வந்தது. பையன் ஒன்றாம் கேள்வி என்றான். இல்லை. 10, 11 இரண்டிலும் முதல் இலக்கம் ஓரத்தோடு போய், இரண்டாம் இலக்கமும் புள்ளியும் மட்டும் மிச்சம். 8-க்குப் பிறகு வரும் 0 பத்தாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவதாக, மதிப்பெண் வரி. இது பெரும்பாலும் தாளின் நடுவில் இருப்பதால் ஓரத்தோடு போகாது. இந்தத் தாளில் செக்‌ஷன் ஏ 6 × 1 = 6, செக்‌ஷன் பி 5 × 2 = 10, செக்‌ஷன் சி 3 × 3 = 9. ஆக, முதல் செக்‌ஷனில் 1 முதல் 6 வரை, அடுத்ததில் 7 முதல் 11 வரை, கடைசியில் 12 முதல் 14 வரை. செக்‌ஷன் சி தலைப்புக்கு மேலே உள்ளது 11, கீழே உள்ளது 12. மேலிருந்து எண்ணினாலும் கீழே 14-இலிருந்து பின்னோக்கி எண்ணினாலும் இதே விடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ உட்பிரிவை எண்ணியிருக்கிறோம். ஆனால் சில தாள்களில் ஒவ்வொரு செக்‌ஷனிலும் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். முதல் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி கேள்வி எண்ணுக்கு மட்டும்தான். கேள்வி எண் வரிசையில் வருவதால் பக்கத்து எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம். கணக்குக்குள் இருக்கும் எண்ணை அப்படிப் பிடிக்க முடியாது. 3.5-இல் புள்ளி நிழலில் மறைந்தால் 35. மைனஸ் குறி வெட்டுப்பட்டால் விடையே மாறிவிடும். அங்கே ஊகம் வேண்டாம். தாள் கையில் உள்ள ஒருவரிடம், அந்த ஒரு கேள்வியை மட்டும் கிட்டத்தில் எடுத்து, Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, புள்ளி இன்னும் மங்கும்.

நோட்டில் விடை எழுதும்போது எண்ணோடு கேள்வியின் முதல் நாலைந்து வார்த்தைகளையும் எழுதச் சொல்லுங்கள். எண் தப்பாகப் போனாலும், எந்தக் கணக்கு என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பையன் இப்போது அப்படித்தான் எழுதுகிறான்.