ஒரே அறை, இரண்டு அளவுகோல்

(தேனி மாவட்ட அறிவியல் ஆசிரியர்களின் கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்கள் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி இப்போது கட்டடக்கலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். நம் பள்ளி அறைகளையே தன் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு, ஆய்வு முன்மொழிவை அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியர் அதை என் கையில் கொடுத்து, "நீங்கதான் சயின்ஸ், படிச்சுப் பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். இனி இப்படிப்பட்ட கடிதங்கள் உங்கள் பள்ளிக்கும் வரும். அதனால் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இன்று பேசுகிறேன்.

அவள் கேட்கும் கேள்வி எளிமையானது. சன்னலைத் திறந்து வைத்து, ஃபேன் மட்டும் ஓடும் வகுப்பறை ஒன்று. வெக்கை தாங்க முடியாத நேரத்தில் மட்டும் சன்னலை மூடி ஏசி போடும் வகுப்பறை இன்னொன்று. முதல் வகைக்கு இயற்கைக் காற்றோட்ட அறை என்று பெயர், இரண்டாவது கலப்பு முறை அறை. எதில் பிள்ளைகள் அதிக நேரம் இதமாக இருப்பார்கள் என்பதை அறை கட்டாமலே, ஏசி வாங்காமலே, எனர்ஜிபிளஸ் என்ற இலவச மென்பொருளில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஃபேன் இருப்பதாலேயே ஓர் அறை கலப்பு முறை ஆகிவிடாது. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது, அவ்வளவுதான். குளிர்விக்கும் எந்திரம் இருந்து, அதைச் சில நேரம் மட்டும் பயன்படுத்தினால்தான் கலப்பு முறை.

முன்மொழிவில் தரைத்தள வகுப்பறை ஒன்றையும் மாடியில் உள்ள கணினி ஆய்வகத்தையும் ஒப்பிடுவதாக எழுதியிருந்தாள். இது சரிவராது. மாடி அறையின் கூரை நாள் முழுக்க வெயில் குடிக்கிறது, கீழ் அறைக்கு அந்தத் தொல்லை இல்லை. வித்தியாசம் வந்தால் அது ஏசியால் வந்ததா கூரையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான் இது: ஒன்றை மாற்று, மற்றதை நிறுத்தி வை. கணினியில் இதைச் செய்வது சுலபம். ஒரே அறையை எடுத்து, ஒருமுறை சன்னலும் ஃபேனுமாக ஓட்டலாம், மறுமுறை சன்னலும் ஏசியுமாக ஓட்டலாம். அப்படி மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டாள்.

ஆனால் உண்மையான சிக்கல் அடுத்த பக்கத்தில் இருந்தது. "இதம்" என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது?

இந்தியாவுக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, சிம்லா ஆகிய 5 நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் கேட்டுத் திரட்டிய 6330 பதில்களிலிருந்து அதை உருவாக்கினார்கள். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. அதன் அடிப்படைக் கருத்து நமக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான்: கடந்த ஒரு மாதமாக வெளியே எவ்வளவு வெக்கையோ, அதற்குத் தக்கபடி உடம்பும் மனசும் பழகிக்கொள்கின்றன. மார்கழியில் வெக்கையாகத் தோன்றும் 29 டிகிரி, சித்திரையில் பரவாயில்லை என்று படுகிறது.

இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்துக்கு அந்த வாய்பாடு இது. கடந்த 30 நாளின் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். வருவது நடு வெப்பநிலை. அதற்கு மேலும் கீழும் 2.38 டிகிரி வரை 90 சதவீதம் பேர் ஏற்றுக்கொள்வார்கள். கலப்பு முறைக் கட்டடத்துக்கு வேறு வாய்பாடு: சராசரியை 0.28-ஆல் பெருக்கி 17.87-ஐக் கூட்ட வேண்டும். ஏற்கும் எல்லை இருபுறமும் 3.46 டிகிரி.

ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். வெளிச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய்பாட்டில் நடு வெப்பநிலை 29.0, மேல் எல்லை 31.4. இரண்டாவதில் நடு வெப்பநிலை 26.3, மேல் எல்லை 29.7. இப்போது அறைக்குள் 30.5 டிகிரி இருக்கிறது. ஃபேன் அறையாக இருந்தால் "இதம்" என்று கணினி எழுதும். அதே அறையின் சுவரில் ஏசி ஒன்று மாட்டியிருந்தால், அது ஓடாமல் இருந்தாலும்கூட, "இதமில்லை" என்று எழுதும்.

இது கணக்குப் பிழை அல்ல. ஏசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனிதர்கள் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்பதுதான் அந்தப் பதில்களில் தெரிந்த செய்தி. ஆனால் மாணவியின் முன்மொழிவு ஒவ்வோர் அறையையும் அதனதன் வாய்பாட்டால் அளந்து, கடைசியில் இரண்டு சதவீதங்களை ஒரே பட்டைப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதாக இருந்தது. அப்படி நிறுத்தினால், எந்த அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்பதும், எந்த அறையில் எதிர்பார்ப்பு குறைவு என்பதும் ஒன்றாகக் கலந்துவிடும். ஏசி போட்ட அறை தோற்றுப்போனதாகக்கூடப் படம் காட்டலாம். ஆகவே முதலில் இரண்டு ஓட்டத்திலும் அறைக்குள் எத்தனை மணி நேரம் எத்தனை டிகிரி என்று காட்டிவிட்டு, பிறகு இரண்டையும் ஒரே வாய்பாட்டால் அளந்து, கடைசியாக அவரவர் வாய்பாட்டால் அளந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது முடிவு முதல் இரண்டிலிருந்து ஏன் விலகுகிறது என்று விளக்குவதுதான் ஆய்வின் சாரம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பதில்கள் அனைத்தும் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் சொன்னவை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது, பெரியவர்களுக்கான வாய்பாடு சொல்வதைவிடக் குறைந்த வெப்பநிலையே அவர்களுக்கு இதமாக இருந்தது தெரியவந்தது. இடைவேளையில் ஓடியாடிவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிற நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எனவே கணினி "இதம்" என்று சொன்ன நேரத்தை அப்படியே நம்பாமல், எல்லையை ஒன்றிரண்டு டிகிரி இறக்கியும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, நாம் எங்கே வருகிறோம்? கணினிக்குள் போகும் தகவல்களில் பாதி நம்மிடம்தான் இருக்கிறது.

முதலாவது மணி. ஆண்டுக்கு 8760 மணி நேரம். நம் வகுப்பறையில் பிள்ளைகள் இருப்பது ஏறக்குறைய 220 நாள், நாளுக்கு ஆறரை மணி என்று வைத்தால் 1430 மணி. இரவையும், மே விடுமுறையையும், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த அறையும் நல்ல அறையாகத் தெரியும். முடிவில் சதவீதம் ஒன்றைப் பார்த்தால், "எத்தனை மணியில் சதவீதம்?" என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது சன்னல். உள்ளே வெக்கை கூடினால் சன்னல் தானாகத் திறந்துகொள்வதாக மென்பொருளில் எழுதிவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கு சன்னலைத் திறந்தால் விடைத்தாள் பறக்கும், மேசையெல்லாம் மண். மூடித்தான் வைப்போம். எந்தச் சன்னல் எந்த மாதம் எந்தப் பிரிவேளையில் திறந்திருந்தது என்று இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தால், அது அவளுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல்.

சன்னல் எவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை, 126 கன மீட்டர். உள்ளே 40 பிள்ளைகள். ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 75 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மொத்தம் 3000 வாட், மூன்று இஸ்திரிப் பெட்டிகளை அறையில் வைத்ததுபோல. இதில் பாதி வியர்வை ஈரமாகப் போய்விடும் என்று கொண்டாலும், மீதி 1500 வாட் காற்றைச் சூடாக்கும். வெளியைவிட உள்ளே 2 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால், மணிக்குச் சுமார் 18 முறை அறைக்காற்று முழுவதும் மாற வேண்டும். எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருந்து கொஞ்சம் காற்று வீசினால் இது நடக்கும். முன்மொழிவிலோ மணிக்கு 3 முறை என்று நிலையான ஒரு எண் போடப்பட்டிருந்தது. அதை வைத்து ஓட்டினால் ஃபேன் அறை அடுப்பாகத் தெரியும், ஏசி இல்லாமல் முடியாது என்ற முடிவு தானாக வந்து நிற்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏசி போடச் சன்னலை மூடினால் காற்று மாறாது. பிள்ளை ஒன்று மணிக்குச் சுமார் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதாகக் கொண்டால், 40 பேருக்கு 600 லிட்டர். இந்த அறையில் இடுக்குகள் வழியே காற்று ஏதும் போகாவிட்டால், ஒரு பிரிவேளை முடிவதற்குள் பத்து லட்சத்தில் 3000 பங்குக்கு மேல் அது கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 400-க்குச் சற்று மேல். இதத்தின் பட்டைப் படத்தில் இது தெரியாது. அதனால் கலப்பு முறை அறைக்கு இந்த ஒரு வரிசையையும் சேர்க்கச் சொன்னேன்.

மூன்றாவது வானிலைக் கோப்பு. மென்பொருளுக்கு ஆண்டு முழுவதற்குமான மணிவாரி வானிலை வேண்டும். அவள் எடுத்தது மதுரை விமான நிலையத்தின் கோப்பு. மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர், கம்பம் சுமார் 400 மீட்டர். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற கணக்கில் பார்த்தால் கம்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கலாம். மலை நிழலும், கணவாய் வழியே வரும் காற்றும் வேறு. நாம் மேலே பார்த்த இரண்டு எல்லைகளுக்கு இடையே உள்ள தூரமே 1.7 டிகிரிதான். அதாவது கோப்பு ஒன்றே முடிவைப் புரட்டிவிடும்.

இதற்கு மருந்து அளந்து பார்ப்பதுதான். மாடி அறையில் ஒரு வெப்பமானி, வடக்குப் பக்க நிழலில் ஒன்று. மூன்றாவதாக, டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, உள்ளே வெப்பமானி முனையைச் செருகி அறை நடுவே தொங்கவிட்டால், கூரை கக்கும் கதிர்வீச்சு வெப்பமும் அதில் சேர்ந்து தெரியும். பிற்பகல் மூன்று மணிக்கு அறைக் காற்றைவிடப் பந்து இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டினால், வெக்கைக்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே ஏசிக்கு முன் கூரைக்கு வெள்ளை அடிப்பதைத்தான் அவள் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத சனி, ஞாயிறு அளவுகள் முதலில் கணினியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காலி அறையிலேயே ஒத்துப்போகாவிட்டால் சுவர், கூரை பற்றிக் கொடுத்த விவரத்தில் தவறு. காலி அறையில் ஒத்துப்போய், திங்கட்கிழமை விலகினால் சன்னலிலோ பிள்ளைகளின் எண்ணிக்கையிலோ தவறு.

திருத்திய முன்மொழிவு போன வாரம் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் பந்துக்குச் சாயம் பூசிவிட்டார்கள். இரண்டு வாரம் காலை 10, மதியம் 12, பிற்பகல் 3 மணிக்கு அளவு எடுத்து எழுதுவது அவர்கள் பொறுப்பு. சன்னல் குறிப்பேடு என் பொறுப்பு. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.