வலசை என்றால் கூட்டமா?

அரியலூர் மாவட்டக் கரைவெட்டி ஏரியைப் பற்றி என் வகுப்புப் பயிற்சித்தாளில் மூன்று வாக்கியங்கள்: “குளிர்காலத்தில் பறவைகள் இங்கே வலசை வருகின்றன. வெயில் ஏறியதும் திரும்பிவிடுகின்றன. தனியாக வருவதும் வலசைப் பறவைதான்.”

வலசை என்றால் ‘கூட்டம்’ என்று பலர் எழுதினார்கள். முதல் வாக்கியத்தோடு நின்றால் அது பொருந்தத்தான் செய்யும். ஊகித்த பொருளை, அச்சொல் வரும் இடங்களிலெல்லாம் வைத்துப் படிக்கச் சொன்னேன். “தனியாக வருவதும் கூட்டப் பறவைதான்” என்று படித்ததும் சிரித்துவிட்டார்கள். பிறகு ‘குளிர்காலத்தில்’, ‘திரும்பிவிடுகின்றன’ என்ற சொற்களை அடிக்கோடிட்டு, ‘பருவத்துக்கேற்ப இடம்விட்டு இடம் போய் வருவது’ என்று எழுதினார்கள்.

மூன்றாம் வாக்கியம் இல்லாவிட்டால் ‘கூட்டம்’ தவறென்று பத்தியைக் கொண்டு காட்ட முடியாது. தவறான ஊகத்தை மறுக்கும் வாக்கியம் பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு அகராதியைக் கையில் கொடுங்கள்.