விளக்கீட்டுக்கு மறுநாள்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றதும் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் காலையில் முற்றத்தில் கிடக்கும் பொருட்களைப் பற்றி. சிட்டிகள், திரிகள், வாடிய மாலைகள், படலையில் நட்ட வாழைக்குற்றிகள். இவற்றை எங்கே போடுவது?

கங்கைக்கரையில் இருப்பவர்கள் ஓடும் நீரில் விடுகிறார்கள். குடாநாட்டில் நமக்கு வற்றாத ஆறு இல்லை. இருப்பது கிணறுதான். அச்சுவேலி, புத்தூர்ப் பக்கத்தில் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல், அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நிலத்தடி நீர். நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவருக்கும் இது தெரியும். ஒரு கிணற்றில் போட்டது அந்தக் கிணற்றோடு நிற்பதில்லை. பாழ்கிணறுதானே என்று ஒரு பை நிறைய மாலையைக் கொட்டினால், பூ அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மிஞ்சுவது கல்வெடிப்பு வழியே அடுத்த வளவுக்குப் போகும்.

என்னை இந்த விடயத்துக்குள் இழுத்தது சிட்டிதான். விளக்கீடு வருவது வடகீழ்ப் பருவமழையின் நடுவில். மதிலிலும் கிணற்றடியிலும் வைத்த சிட்டியை எடுக்காமல் விட்டால் அடுத்த மழைக்கு நிரம்பிவிடும். டெங்கு பரப்பும் நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் போதும். முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். நமது பக்கத்தில் டெங்கு நோயாளர் கூடுவது மார்கழியிலும் தையிலும் என்பதை விளக்கீட்டுத் திகதியோடு சேர்த்துப் பாருங்கள். சிட்டி மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சிரட்டையும் தயிர்ச்சட்டியும் ரயரும் இருக்கின்றன. ஆனால் ஒரே இரவில் ஒரு வீட்டில் இருபது முப்பது பாத்திரங்களை வெளியே வைப்பது இந்த நாளில்தான்.

"எண்ணெய் இருக்குத்தானே, அதிலே நுளம்பு முட்டை இடாது" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். பாதி சரி. எண்ணெய்ப் படலம் குடம்பியை மூச்சுவிட விடாது. ஆனால் எண்ணெய் மிதப்பது. மழையில் சிட்டி நிரம்பி வழியும்போது முதலில் வெளியே போவது எண்ணெய்தான். இரண்டு மழைக்குப் பிறகு உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். நீரை ஊற்றிவிட்டுச் சிட்டியை அப்படியே அடுக்கிவைப்பதும் போதாது. இந்த நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி நனைந்தால் பொரிக்கும். ஆகவே உட்புறத்தைத் தும்பால் உரஞ்ச வேண்டும்.

வாழைக்குற்றியையும் மறக்க வேண்டாம். சிட்டி வைக்க மேலே குடைந்த குழி ஒரு கிண்ணம்தான். மறுநாளே பிடுங்கி, துண்டாக வெட்டி மாட்டுக்குப் போடலாம். மாடு இல்லாதவர்கள் வாழையடியில் போடலாம்.

"மண்தானே, மண்ணோடு சேர்ந்துவிடும்" என்று சிட்டியைக் குளத்தில் எறிபவர்களும் உண்டு. வெயிலில் காய்ந்த களிமண் கரையும். பிள்ளையார் பிடித்த பச்சை மண்ணை ஒரு வாளி நீரில் வைத்தால் குழைந்துவிடும். சூளையில் சுட்ட மண் அப்படியல்ல. ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் சுடும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருந்த நீர் நீங்கி அது வேறு பொருளாகிவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் சேறாகாது. கந்தரோடையில் ஈராயிரம் ஆண்டு கடந்த ஓடுகள் இன்னும் ஓடுகளாகவே கிடைக்கின்றன. எனவே உடையாத சிட்டியைச் சாம்பலும் சுடுநீரும் போட்டுக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வைத்து அடுத்த ஆண்டுக்கு எடுப்பதே நல்லது. உடைந்ததைச் சிறு துண்டாக நொறுக்கிப் பூச்சாடியின் அடியில் போடலாம். மினுங்கும் வர்ணம் பூசியவற்றை மட்டும் மரக்கறி வளரும் சாடிக்குள் போடாதீர்கள்.

திரிக்கு அதிக பேச்சுத் தேவையில்லை. எண்ணெய் ஊறிய திரி எளிதில் மக்காது, எறும்பையும் எலியையும் அழைக்கும். ஒரு பழைய தகரத்தில் சேர்த்துவைத்து விறகடுப்பு மூட்டப் பாவியுங்கள். புதிதாக வாங்கிய திரி பஞ்சா என்று சந்தேகமானால் எண்ணெய் தோய்க்காமல் ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள். பஞ்சு கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கடினமான மணியாகும். அது அடுப்புக்கு ஆகாது.

இனிப் பூ. நிருமாலியத்தை மிதிப்பதையும் கடப்பதையும் கோயிலில் செய்யத்தகாதவையாக நாவலர் சைவ வினாவிடையில் வைத்திருக்கிறார். கால்படாத இடம் என்பதுதான் அதில் நமக்கு வேண்டியது. குப்பைப் பையில் மீன்செதிலோடு போவதை யாரும் விரும்பமாட்டார்கள். கத்தோலிக்கச் சகோதரிகளுக்கும் இது புதிதல்ல. ஆசீர்வதித்த குருத்தோலையை எறியாமல் எரித்து, அந்தச் சாம்பலைத்தானே விபூதிப் புதனன்று நெற்றியில் இடுகிறீர்கள்.

திருப்பதியில் 2021 முதல் கோயில் பூக்களிலிருந்து ஊதுபத்தி செய்கிறார்கள். கான்பூரிலும் அப்படி ஒரு முயற்சி நடக்கிறது. அதற்கெல்லாம் தினமும் பெருந்தொகைப் பூ வேண்டும். நமது வீட்டுக்கும் ஊர்க்கோயிலுக்கும் ஒரு மூலை போதும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். சாமியறை மாலைகளும் படலையில் கட்டியதுமாக இரண்டு வாளி பூ. முதல் வேலை பிரிப்பது. வாழைநாரில் கட்டியதை அப்படியே போடலாம். நைலோன் நூல், சரிகை, பிளாஸ்ரிக் மணி எல்லாவற்றையும் உருவி எடுத்தோம். ஒரு மாலைக்குப் பத்து நிமிடம் பிடித்தது; பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மழைக்காலத்தில் குழி வெட்டினால் நீர் நிற்கும். அதனால் கிணற்றிலிருந்து தள்ளி, ஆட்கள் நடக்காத வேலியோரத்தில், நிலத்துக்கு மேலே நாலு கல் வைத்துக் குவித்தோம். அடியில் கிளுவைக் கம்பு, அதன்மேல் ஒரு வாளி பூவுக்கு இரண்டு வாளி மாவிலைச் சருகு என்று மாறிமாறி அடுக்கி, இடையில் கொஞ்சம் சாணம், மேலே மண், அதன்மேல் பழைய கிடுகு. பத்தாம் நாள் புளித்த நாற்றம் வந்தது. ஈரம் கூடி, உள்ளே காற்று இல்லை என்பதன் அடையாளம் அது. கிளறி இன்னும் ஒரு வாளி சருகு சேர்த்ததும் இரண்டு நாளில் அடங்கியது. கையில் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, ஆனால் ஈரமாக இருக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நமது மாலைகளில் அலரி இருக்கும். அலரியின் பூவும் இலையும் காயும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. யாழ்ப்பாணத்து வைத்தியர்களுக்கு மஞ்சள் அலரிக் கொட்டை என்றால் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதே நஞ்சுதான். ஆகையால் அலரி கலந்த மாலையை ஆட்டுக்குப் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள், புகையும் நல்லதல்ல. குவியலில் போடுங்கள்.

மாசிக் கடைசியில் கிடுகை எடுத்துப் பார்த்தோம். செவ்வரத்தையும் மல்லிகையும் இருந்த இடம் தெரியவில்லை. செவ்வந்திக் காம்புகள் மட்டும் மக்காமல் கிடந்தன. அவற்றை அடுத்த குவியலுக்கு ஒதுக்கினோம். மண்மணம் வந்திருந்தது. அலரி போட்டதால் மரக்கறிக்குப் போடாமல், முற்றத்து நந்தியாவட்டைக்கும் செவ்வரத்தைக்கும் போட்டோம். அரிதட்டில் அரித்தபோது எங்கள் கண்ணுக்குத் தப்பிய நைலோன் நூல் ஒரு கைப்பிடி வந்தது.