ஒரே வரவு செலவுத் தாள், இரண்டு கணிப்பு: B1 கட்டத்தின் வேலை

(கருங்குழியில் நடந்த நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கணினித் திரையில் காட்டிய ஃபார்முலாக்கள் அப்படியே தரப்பட்டுள்ளன.)



இன்றைக்கு நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். 1,10,000 ரூபாய் செலவில் கேமரா வைக்கும் வேலையை இந்த ஏப்ரலிலேயே தொடங்கலாமா? அதற்குக் கையில் பணம் மிஞ்சுமா என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே தாளிலிருந்து வந்தவை. அது எப்படி என்று சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் இரண்டு ஃபைல் வைத்திருந்தேன். ஒன்று நல்லபடியாக நடந்தால், இன்னொன்று நடக்காவிட்டால். ஜூலையில் காவலர்கள் இருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் கூட்டினோம். அதை ஒரு ஃபைலில் மட்டும் மாற்றினேன், மற்றதில் மறந்துவிட்டேன். ஒன்பது மாதத்துக்கு 18,000 ரூபாய். மறந்தது எந்த ஃபைலில் என்றால், மோசமான வருடத்துக்கான ஃபைலில். எச்சரிக்கையாக இருக்கத்தான் அந்த ஃபைலே; அதுதான் நம்மை ஏமாற்றியது.

அதனால் இந்த முறை ஒரே ஃபைல்தான். அதில் "அனுமானங்கள்" என்று ஒரு பக்கம். A வரிசையில் விஷயத்தின் பெயர், C-யில் நம்பிக்கையான எண், D-யில் எச்சரிக்கையான எண். நடுவில் இருக்கும் B-யில் நான் எதையும் டைப் செய்வதில்லை. மேலே B1 கட்டத்தில் 1 என்று போட்டால் B வரிசை C-யை எடுத்துக்கொள்ளும், 2 என்று போட்டால் D-யை எடுத்துக்கொள்ளும். ஏழாவது வரியில் தண்ணீர் லாரி எத்தனை லோடு என்று இருக்கிறது. B7-இல் உள்ளது இவ்வளவுதான்:

```
=CHOOSE($B$1,C7,D7)
```

அந்த டாலர் குறி ரூபாய் விஷயம் இல்லை. ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது C7 என்பது C8, C9 என்று மாற வேண்டும், B1 மட்டும் மாறக் கூடாது. டாலர் போடாவிட்டால் அடுத்த வரி B2-வைப் பார்க்கப் போய்விடும். B1-இல் யாராவது 3 என்று தட்டிவிட்டால் தாள் முழுக்கப் பிழை வரும். அதற்காக Data மெனுவில் Data validation போய், 1, 2 இரண்டு மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்திருக்கிறேன்.

வரவு செலவுப் பக்கம் எப்போதும் B வரிசையை மட்டுமே பார்க்கும். லாரிச் செலவு என்றால் லோடு பெருக்கல் விலை, அதாவது B7-ஐ B8-ஆல் பெருக்குவது. அங்கே ஒரு எண்ணைக்கூட நேராக எழுதக் கூடாது.

இப்போது எண்கள். நம்மிடம் 48 வீடுகள், மாதம் 1,200 ரூபாய். எல்லோரும் கட்டினால் வருடத்துக்கு 6,91,200. கடந்த வருடங்களின் வசூல் நோட்டைப் பார்த்ததில் நல்ல வருடத்தில் 95 சதவீதம் வந்திருக்கிறது, மோசமான வருடத்தில் 82. காவலர் சம்பளம் 3,12,000, துப்புரவு 96,000. இவை இரண்டு வரிசையிலும் ஒன்றேதான். மற்றவை மாறும். லாரி, மழை நன்றாக இருந்தால் 20 லோடு, லோடு 900 ரூபாய். பொய்த்தால் 70 லோடு, விலையும் 1,100. லோடு கூடும்போது விலையும் கூடும் என்பதை 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீருக்கு அலைந்தபோது பார்த்தோம். கிணற்றில் நீர் இறங்கினால் மோட்டார் வெறுமனே ஓடி காயில் எரியும். அதனால் பழுதுச் செலவு 25,000-இலிருந்து 60,000 ஆகிறது. பொது மின்கட்டணம் வருடத்துக்கு 90,000 அல்லது 1,08,000. 2024-இல் கட்டணம் உயர்ந்தது ஜூலையில், நாம் ஏப்ரலில் பட்ஜெட் போட்ட பிறகு. அதற்காகத்தான் அந்த இடைவெளி.

B1-இல் 1 போட்டால் வரவு 6,56,640, செலவு 5,41,000, மிச்சம் 1,15,640. கேமரா வாங்கிவிடலாம். 2 போட்டால் வரவு 5,66,784, செலவு 6,53,000, பற்றாக்குறை 86,216.

இங்கேதான் கமிட்டியில் ஒரு அம்மா நல்ல கேள்வி கேட்டார்கள். "மழை பெய்யாததுக்கும் பணம் கட்டாததுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் ஏன் சேர்த்து மோசமாக்குறீங்க?" நியாயம்தான். லோடு, விலை, மோட்டார் மூன்றும் ஒன்றாகப் போகும். வசூல் அதோடு போகாது. அதனால் வசூலுக்கு மட்டும் B2-வில் தனி சுவிட்ச் வைத்தேன். ஆறாவது வரி இப்போது இப்படி:

```
=CHOOSE($B$2,C6,D6)
```

பிரித்ததும் புதிதாக ஒன்று தெரிந்தது. செலவு மோசம், வசூல் நன்று என்றால் 3,640 ரூபாய் மிச்சம். செலவு நன்று, வசூல் மோசம் என்றால் 25,784 மிச்சம். அதாவது ஏதாவது ஒன்று கெட்டாலும் சம்பளம் கொடுத்துவிடுவோம். இரண்டும் கெட்டால்தான் சேமிப்பில் கை வைக்க வேண்டும். மழை நம் கையில் இல்லை. 95-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசம் 89,856 ரூபாய், கிட்டத்தட்ட ஆறு வீட்டுச் சந்தா. அது நம் கையில் இருக்கிறது.

சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? 1, 2 என்று மாற்றி மாற்றிப் போட்டு, எந்த எண் அசையவில்லை என்று பாருங்கள். சம்பளம் அசையாது, சரி. ஆனால் போன வாரம் லாரிச் செலவும் அசையவில்லை. பார்த்தால் B7-இல் யாரோ ஃபார்முலா மேலேயே 20 என்று டைப் செய்திருந்தார்கள். (யாரோ என்ன, நானேதான்.) இப்போது B வரிசைக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

இன்னொரு சங்கடம். இது கூகுள் ஷீட்டில் பகிர்ந்த தாள். ஒருவர் B1-ஐ மாற்றினால் எல்லோருடைய போனிலும் மாறும். செயலாளர் மிச்சத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, நான் சுவிட்சை மாற்றியதில் அவர் போனில் திடீரென்று பற்றாக்குறை. பாவம், மனிதர் பயந்துவிட்டார். அதனால் பட்ஜெட்டின் தலைப்பிலேயே எந்தக் கணிப்பு என்று தானாக எழுதும்படி வைத்திருக்கிறேன்:

```
="செலவு: "&CHOOSE('அனுமானங்கள்'!$B$1,"நம்பிக்கை","எச்சரிக்கை")&" / வசூல்: "&CHOOSE('அனுமானங்கள்'!$B$2,"நம்பிக்கை","எச்சரிக்கை")
```

அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நகலிலும் இந்த வரி இருக்கும். தாள் ஒரு நேரத்தில் ஒரு பதிலைத்தான் காட்டும் என்பதால், நான்கு முடிவுகளையும் தேதியோடு கீழே எழுதி வைத்திருக்கிறேன். அவை வெறும் எண்கள். அனுமானத்தை மாற்றினால் மறுபடி எழுத வேண்டும்.

கமிட்டியின் பரிந்துரை இதுதான். கேமராவை இப்போது வாங்க வேண்டாம். செப்டம்பர் முடிய ஆறு மாத வசூல் தெரிந்துவிடும். அக்டோபர் கூட்டத்தில் வசூல் வரியில் உண்மையான எண்ணைப் போட்டுப் பார்ப்போம். அப்போதும் மழையின் கதை தெரியாது. அதனால் B1-ஐ 2-இல் வைத்தே பார்ப்போம். அந்த நிலையில், முழு வசூல் வந்தாலே மிச்சம் 38,200 ரூபாய்தான். ஆகவே கேமராவை இரண்டு கட்டமாக, வாசல் பக்கம் முதலில் என்று கேட்டு விலைப்பட்டியல் வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

தாளின் லிங்க் குழுவில் இருக்கிறது, பார்க்க மட்டும். C, D எண்களில் எது சரியில்லை என்று தோன்றினாலும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். குறிப்பாக 70 லோடு என்பது அதிகமா, குறைவா என்று 2019-இல் இங்கே இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.