மேலாளருக்குப் புரியும்படி பதக்கத்தை எழுதுங்கள்



விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டால் சான்றிதழே பேசிவிடும். தனியார் கிடங்கில் எழுத்தர் வேலை கேட்டால் அது போதாது. 'மாநிலப் போட்டி, 800 மீட்டர், வெண்கலம்' என்ற வரி, தடகளம் அறியாத மேலாளருக்கு என்ன சொல்லும்?

அப்படி ஒரு தம்பி விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். படிப்பையும் கணினிப் பயிற்சியையும் அவர் முதலில் எழுதட்டும். பிறகு, 'மாவட்டப் போட்டியில் தேர்வாகி மாநிலப் போட்டிக்குச் சென்றேன். அங்கு ஓடிய 24 பேரில் மூன்றாமிடம்' என்று விரிக்கட்டும். எண்ணிக்கையை முடிவுப் பட்டியலைப் பார்த்தே எழுத வேண்டும். மாநிலப் போட்டியில் வென்றதும், மாநிலத்தின் சார்பில் தேசியப் போட்டியில் ஆடியதும் வேறு வேறு. மாற்றி எழுதினால் சான்றிதழைக் கேட்கும்போது அகப்பட்டுக் கொள்வீர்கள்.

'கட்டுப்பாடு மிக்கவன்' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். 'பி.காம். படித்த மூன்றாண்டுகளும் வாரம் 6 நாள், காலை 5.30 மணிக்குப் பயிற்சி. ஒவ்வோர் ஓட்டத்தின் நேரத்தையும் ஏட்டில் குறித்து வந்தேன்' என்று எழுதுங்கள். சரக்கு இருப்பைத் தினமும் பதிய ஆள் தேடுபவருக்கு அந்த ஏடு புரியும்.

மேலாளரின் அச்சம் ஒன்று உண்டு: 'போட்டி, போட்டி என்று லீவு கேட்பானோ?' அவர் கேட்கும் முன்பே கடைசி வரியில் பதில் சொல்லுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டீர்களா, ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு வேண்டும் என்பதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்துப் பெற்ற வேலை முதல் போட்டியோடு போய்விடும்.