குக்கர் மூடியின் உட்பக்கம்

பிரஷர் குக்கரைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றி ஒரு விளக்கப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெடித்துக் கோணிப்போன ஒரு குக்கர், கூரையெல்லாம் தெறித்த பருப்பு, மேலே சிவப்பு எழுத்தில் 'எச்சரிக்கை'. பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பார்ப்பவருக்குப் பயம் வந்துவிடும். எதைப் பார்த்துச் சரிசெய்வது என்று தெரியாது. மூடியைத் திருப்பிப் போட்டு, அதன் உட்பக்கத்தைக் கிட்டத்தில் காட்டினாலே போதும் என்பது என் கருத்து. ஆவி வெளியேற குக்கரில் வைத்திருக்கும் வழிகள் எல்லாம் அந்த மூடியில்தான் இருக்கின்றன. அவற்றை அடைப்பதும் பெரும்பாலும் நாமேதான், அதுவும் ரிப்பேர் என்ற பெயரில். வானொலியில் படம் காட்ட முடியாது. உங்கள் வீட்டு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. வெயிட் எழும்பி விசிலடிக்கும் நேரத்தில் உள்ளே இருப்பது, வெளிக்காற்றைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அதிகமான அழுத்தம். அதனால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறி, பருப்பு சீக்கிரம் குழைகிறது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆக, 300 கிலோவுக்கு மேல் விசை மூடியை உள்ளிருந்து மேலே தள்ளுகிறது. நான்கைந்து ஆட்களின் எடை அது. எங்கேயாகட்டும், ஓர் ஆலையில் பாய்லர் ஓடினால் அதற்குச் சட்டப்படி ஆய்வு உண்டு, சான்றிதழ் உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு. காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்காக விடியற்காலையில் அடுப்பேறும் குக்கருக்கு, அதை ஏற்றுகிறவரின் கண்தான் ஆய்வாளர்.

வெயிட் உட்காரும் குழல் முதல் வழி. மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குழலின் துவாரத்தில் ஒரு கண்ணை வையுங்கள். மறுபக்கத்து வெளிச்சம் வட்டமாக, முழுசாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தாலோ மங்கலாக இருந்தாலோ பருப்பின் நுரை உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நுரைதான் இதில் எதிரி. துவரம்பருப்பு, அரிசி இரண்டும் கொதிக்கும்போது பொங்கி எழும். மற்றவற்றுக்குக் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குவரை நிரப்பலாம் என்றால், பருப்புக்கும் அரிசிக்கும் தண்ணீரோடு சேர்த்துப் பாதிதான் கணக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். துவாரம் அடைபட்டால் விசில் வராது. 'என்னடா, இன்னும் சத்தமே இல்லை' என்று தீயைக் கூட்டுகிறோமே, ஆபத்து அந்த இடத்தில்தான் பிறக்கிறது. குக்கர் கத்தினால் பயமில்லை. வழக்கமான நேரம் கடந்தும் வாய் திறக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

இரண்டாவது வழி சேஃப்டி வால்வு. மூடியின் மேல் ஒரு சிறு குமிழ், அடியில் ஒரு திருகு, நடுவில் சீக்கிரம் உருகும் உலோகக் கலவை. முதல் வழி அடைபட்டாலோ, தண்ணீர் வற்றி அடி காய்ந்தாலோ சூடு ஏறி அந்த உலோகம் உருகி, ஆவிக்கு வழிவிடும். எத்தனை டிகிரியில் அது உருகுகிறது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. பிரஸ்டீஜ் குக்கர் நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்திய டி.டி. ஜகந்நாதன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். வட இந்தியாவில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தபோது அவர் காரணத்தைத் தேடிப் போனார். குக்கரில் குறையில்லை, கடைகளில் விற்ற போலி சேஃப்டி வால்வுகள் உருக வேண்டிய நேரத்தில் உருகவில்லை. கடை கடையாகப் போய்ப் போலியை ஒழிக்க முடியாது. ஆகவே வால்வு கைவிட்டாலும் காப்பாற்ற இன்னொரு வழி வேண்டும் என்று யோசித்து, மூடியின் ஓரத்தில் ஒரு சிறு திறப்பை வைத்தார். அழுத்தம் அளவு மீறினால் கேஸ்கெட்டே அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி, ஆவியை விட்டுவிடும். மூடி வெளிப்பக்கமாகப் பொருந்தும் குக்கர்களில் இந்தத் திறப்பை நீங்கள் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். மூடி உள்ளே இறங்கிப் பொருந்தும் வகைக்கு அமைப்பு வேறு.

அப்படியானால் கேஸ்கெட் வெறும் ரப்பர் வளையம் இல்லை, அது மூன்றாவது வழி. இங்கேதான் நம் வீட்டு வைத்தியங்கள் இடிக்கின்றன. கேஸ்கெட் தளர்ந்து ஆவி கசிந்தால் கோதுமை மாவைப் பிசைந்து ஓரத்தில் அப்புகிறோம், நூலைச் சுற்றுகிறோம், ஃப்ரீசரில் வைத்து இறுக்குகிறோம். சமையல் அன்றைக்கு முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் அப்பிய மாவு சூட்டில் காய்ந்து கெட்டியாகி, பிதுங்க வேண்டிய இடத்தையே பூசி மூடுகிறது. கேஸ்கெட்டை இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், மடங்காமல் விறைத்தாலும், வளையம் பெரிதாகி மூடிக்குள் நெளிந்து நின்றாலும் அதன் ஆயுள் முடிந்தது. படத்தில் எச்சரிக்கை எழுத்து வர வேண்டியது அந்த வெடிப்பின் மேல், வெடிப்பு தெரிகிற அதே நொடியில்.

'இருபது வருஷமாக இப்படித்தான் சமைக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு வழி அடைபட்டபோதெல்லாம் மற்றொன்று திறந்திருந்தது. மூன்றும் ஒரே நாளில் அடைபடும்வரை குக்கர் வெடிக்காமல் தப்பலாம்; ஆகவே கழிந்த வருஷங்கள் எதற்கும் சாட்சி ஆகமாட்டா. 'ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துத்தானே வாங்கினோம்' என்பது அடுத்த கேள்வி. பார்க்கத்தான் வேண்டும். 2021 பிப்ரவரி முதல் இந்த முத்திரை இல்லாமல் குக்கர் விற்கவே கூடாது. 2022இல், முத்திரையில்லாத 2,265 குக்கர்களைத் தன் தளத்தில் விற்கவிட்டதற்காக அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அந்த முத்திரை, குக்கர் ஆலையை விட்டுக் கிளம்பிய நாளின் நிலைக்குத்தான் பொறுப்பு. உருகிய வால்வை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் சாதாரண போல்ட்டை முடுக்கினால், முத்திரை அடியில் அப்படியே பளிச்சென்று இருக்கும், உலோகம் மட்டும் உருகாது. வால்வும் கேஸ்கெட்டும் அந்தந்தக் கம்பெனியின், அந்தந்த அளவின் அசலாகவே இருக்கட்டும். விலை கூடத்தான், ஆனால் நாம் பணம் கொடுப்பது ரப்பருக்கு இல்லை, சரியான அளவுக்கு.

கடைசியாக, எல்லாம் செய்தும் ஒருநாள் விசில் வராமல் போனால்? வெயிட்டைத் தட்டாதீர்கள், கரண்டியால் தூக்கிப் பார்க்காதீர்கள், மூடியைத் திருகாதீர்கள். குனிந்து முகத்தை மூடிக்கு நேரே கொண்டுபோகாமல் அடுப்பை மட்டும் அணையுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நீங்களும் விலகி நில்லுங்கள். ஆவி வெளியே போக வழியில்லாவிட்டாலும், ஆற ஆற உள்ளேயே தண்ணீராகி அழுத்தம் தானாக இறங்கும். முழு குக்கருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பாத்திரத்தின் பக்கத்தில் கை வைத்தால் சூடே தெரியாத நிலை வந்த பிறகு வெயிட்டை எடுங்கள். 'புஸ்' என்று துளி சத்தம் வந்தாலும் இன்னும் காத்திருங்கள். சத்தம் இல்லையென்றால் மூடியைத் திறந்து, சோற்றைப் பார்ப்பதற்கு முன் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.